இராசராசனும் ராஜராஜனும் ஒருவர்தான்: கல்வெட்டு வினாக்களுக்கு விடைக்குறிப்பு அமைக்க நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சிறு கூட்டத்துக்குக் கல்வெட்டுப் படிக்கச் சொல்லித் தருகிறேன். பள்ளி மாணவர்களும் இருப்பார்கள், பணி ஓய்வு பெற்றவர்களும் இருப்பார்கள். பாடம் முடிந்ததும் எட்டுக் கோடிட்ட இடங்கள் கொடுப்பது வழக்கம். விடையைக் கைப்பேசியிலேயே தட்டி அனுப்புவார்கள், கணினி திருத்திவிடும்.

முதல் தேர்விலேயே சிக்கல் வந்தது. தஞ்சைப் பெரிய கோயிலை எடுப்பித்த சோழன் யார் என்பது கேள்வி. விடைக்குறிப்பில் நான் "ராஜராஜன்" என்று ஒரே ஒரு வடிவத்தை எழுதி வைத்திருந்தேன். பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி "இராசராசன்" என்று எழுதிப் பூஜ்யம் வாங்கினாள். "சார், எங்க தமிழ்ப் புத்தகத்துல இப்படித்தானே இருக்கு?" என்று கேட்டாள். அவள் கேட்டது முழுக்க நியாயம். அதே தேர்வில் வேறொருவர் "நந்திவர்மன்" வரவேண்டிய இடத்தில் "தந்திவர்மன்" என்று எழுதியிருந்தார். அதுவும் பூஜ்யம், ஆனால் அது சரியான பூஜ்யம். ஏனென்றால் தந்திவர்மன் நந்திவர்மனின் மகன், வேறு ஆள்.

இந்த இரண்டு விடைகளையும் கணினி எப்படிப் பிரித்தறியும் என்பதுதான் விஷயமே. அதற்காக நான் முயன்ற நான்கு வழிகளை, ஒரே வினாத்தாளை வைத்து இங்கே ஒப்பிடுகிறேன்.

வினாத்தாள்

1. செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாகச் சொல்லும் மண்டகப்பட்டுக் கல்வெட்டில் முதலாம் மகேந்திரவர்மனுக்கு வரும் விருதுப்பெயர்: ______
2. இரண்டாம் புலிகேசியைப் புகழும் அய்கொளெக் கல்வெட்டின் (கி.பி. 634) செய்யுளை இயற்றிய புலவர்: ______
3. முதலாம் நரசிம்மவர்மப் பல்லவன் வென்ற சாளுக்கியத் தலைநகர்: ______
4. காசக்குடிச் செப்பேட்டை வழங்கிய, பல்லவமல்லன் என்றும் பெயர் கொண்ட அரசன்: இரண்டாம் ______
5. கி.பி. 949இல் தக்கோலப் போரில் உயிரிழந்த சோழ இளவரசன்: ______
6. "கச்சியும் தஞ்சையும் கொண்ட" என்ற அடைமொழியோடு தமிழ்க் கல்வெட்டுகளில் வரும் இராட்டிரகூட அரசன்: ______
7. முதலாம் பராந்தகனின் கல்வெட்டுகளில் உள்ளபடியே நிரப்புக: "______ கொண்ட கோப்பரகேசரி"
8. துவாரசமுத்திரத்தைத் தலைநகராகக் கொண்டு, 13ஆம் நூற்றாண்டில் சோழருக்குத் துணையாக வந்து கண்ணனூரிலும் தங்கி ஆண்ட மரபினர்: ______

முதல் வழி: ஒரே விடை

இதில் வேலை குறைவு. எட்டுக் கேள்விக்கு எட்டு விடை, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். எப்படி எழுத வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதாதா என்று நானும் நினைத்தேன். "கிரந்த எழுத்துகளைப் பயன்படுத்தி எழுதவும்" என்று வினாத்தாளின் தலையில் ஒரு வரி போட்டும் பார்த்தேன். அப்போதும் ஒருவர் "இராஜராஜன்" என்றார், இன்னொருவர் "ராஜராஜன்" என்றார். இருவருமே கிரந்தம் பயன்படுத்தியவர்கள்தான். தமிழில் ரகரம் சொல்லின் முதலில் வராது என்ற இலக்கணத்தைப் பின்பற்றியவருக்கு மதிப்பெண் இல்லை, பின்பற்றாதவருக்கு உண்டு என்றாகிவிட்டது.

அதைவிட மோசம் கண்ணுக்கே தெரியாத வேறுபாடு. எட்டாம் கேள்விக்கு ஒருவர் "போசளர்" என்று எழுதியிருந்தார். விடைக்குறிப்பிலும் "போசளர்" என்றுதான் இருந்தது, ஆனாலும் தவறு என்று வந்தது. இரண்டையும் எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. விடைக்குறிப்பில் ஓகாரக் குறி ஒரே குறியீடாக (U+0BCB) இருந்தது. அவர் எங்கிருந்தோ வெட்டி ஒட்டிய சொல்லில் ஏகாரக் கொம்பும் (U+0BC7) காலும் (U+0BBE) தனித்தனியாக இருந்தன. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். "ஸ்ரீ" எழுத்திலும் இதே தொல்லை உண்டு. சில விசைப்பலகைகள் அதை U+0BB8 எழுத்தில் தொடங்குகின்றன, சில U+0BB6 எழுத்தில் தொடங்குகின்றன. இப்படி மதிப்பெண் இழந்தவருக்கு எந்த விளக்கமும் சொல்ல முடியாது.

ஆனால் ஒரு வகைக் கேள்விக்கு இந்த வழிதான் பொருந்தும். ஏழாம் கேள்வியைப் பாருங்கள். பராந்தகன் மதுரையை வென்றவன். ஆனால் அவனுடைய கல்வெட்டுகளில் அந்த ஊர் "மதிரை" என்றே வெட்டப்பட்டிருக்கிறது, "மதிரை கொண்ட கோப்பரகேசரி" என்று. அதைப் படித்தாயா என்றுதான் அந்தக் கேள்வி கேட்கிறது. அங்கே "மதுரை"யை ஏற்றுக்கொண்டால் கேள்வியே செத்துப்போகும். பெயரைக் கேட்கும் வினா வேறு, வாசகத்தைக் கேட்கும் வினா வேறு. வாசகத்தைக் கேட்பதற்கு ஒரே விடை, அதுவும் "உள்ளபடியே" என்ற சொல்லைக் கேள்வியில் தவறாமல் போட்ட பிறகு.

இரண்டாம் வழி: கையால் எழுதிய பட்டியல்

பலரும் செய்வது இதுதான். கூகுள் படிவத்தில் குறுவிடைக்குச் சரியான விடைகள் எத்தனை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். மூடில் என்ற இணையவழிக் கற்றல் தளத்தை வைத்திருப்பவர்கள் கோடிட்ட இடத்துக்குள்ளேயே பட்டியலை எழுதிவிடலாம், பாதி மதிப்பெண்ணும் தரலாம்:

```
தக்கோலப் போரில் உயிரிழந்த சோழ இளவரசன்:
{1:SHORTANSWER:=இராஜாதித்தன்~=ராஜாதித்தன்~=இராசாதித்தன்~%50%ராஜாதிதன்}
```

இந்த ஐந்தாம் கேள்வியையே முழுமையாகப் பட்டியலிட்டுப் பார்த்தேன். முதலில் இகரம் வரலாம், வராமலும் இருக்கலாம்: இரண்டு. ஜகரமா சகரமா: இரண்டு. முடிவு "ஆதித்தன்", "ஆதித்யன்", "ஆதித்தியன்": மூன்று. மரியாதையாக "ர்" போட்டு முடிப்பவர்கள் பாதிப் பேர்: மீண்டும் இரண்டு. பெருக்கினால் 24 வடிவங்கள், அத்தனையும் சரி. ஒரு கேள்விக்கு 24 என்றால் எட்டுக் கேள்விக்கு உட்கார்ந்து எழுத யாருக்குப் பொறுமை இருக்கும்? எழுதினாலும் ஒன்றிரண்டு விட்டுப்போகும். விட்டுப்போன வடிவத்தை எழுதியவருக்கு மட்டும் அநியாயம் நடக்கும்.

சுருக்கவழியாக நட்சத்திரக் குறி போடலாமே என்று தோன்றும். மூடிலில் `*` போட்டால் அந்த இடத்தில் எது வந்தாலும் ஏற்றுக்கொள்ளும். "ராஜ*" என்று போட்டு நானே ஒரு முறை மாட்டிக்கொண்டேன். ராஜராஜன் வரவேண்டிய இடத்தில் ராஜேந்திரனுக்கும் ராஜாதிராஜனுக்கும் முழு மதிப்பெண் விழுந்தது. சோழர் பெயர்களில் முன்பாதி பலருக்கும் பொதுவாகவே இருக்கும். நட்சத்திரம் அங்கே ஆகவே ஆகாது.

ஆனால் இந்த வழியால் மட்டுமே ஆகக்கூடிய காரியம் ஒன்று உண்டு. ஆறாம் கேள்வியின் விடை, கல்வெட்டுப் படித்தவருக்குக் கன்னரதேவன். பாடப்புத்தகம் மட்டும் படித்தவருக்கு மூன்றாம் கிருஷ்ணன். இரண்டும் ஒரே ஆள்தான். தக்கோலத்தில் சோழரை வென்ற பிறகு வடதமிழகத்துக் கல்வெட்டுகள் அவனைக் கன்னரதேவன் என்றே குறிக்கின்றன. இது எழுத்துக்கூட்டல் விவகாரம் இல்லை. எந்த விதியைக் கொண்டும் "கிருஷ்ணன்" என்பதைக் "கன்னரதேவன்" ஆக்க முடியாது. விஷயம் தெரிந்த ஒருவர்தான் எழுதி வைக்க வேண்டும். ராஜாதித்தனை "யானைமேல் துஞ்சிய தேவர்" என்று எழுதியவருக்கும் இதே கதைதான். அவர் கூடுதலாகவே படித்திருக்கிறார், அவருக்குத் தவறு போட்டால் எனக்கே மனசு ஆறாது.

ஹொய்சளரும் அப்படியே. கன்னட நாட்டுப் பெயர் ஹொய்சளர், தமிழ்க் கல்வெட்டு வழக்கு போசளர். இடையில் ஓய்சளர் என்றும் எழுதுவார்கள். மூன்றையும் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும்.

மூன்றாம் வழி: எழுத்து நெருக்கம்

சொற்களுக்கு இடையே எத்தனை எழுத்து மாறியிருக்கிறது என்று எண்ணி, ஒன்றிரண்டு மாற்றம் வரை ஏற்றுக்கொள்ளும் முறை இது. ஆங்கிலப் பெயர்களுக்கு ஓரளவு வேலை செய்வதைப் பார்த்துவிட்டு இதன்மீது நம்பிக்கை வைத்தேன். நம் பெயர்களுக்கு இது தலைகீழாக வேலை செய்கிறது.

கணினி மெய்யையும் உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணும். அந்தக் கணக்கில் "இராஜராஜன்" என்பதற்கும் "ராசராசன்" என்பதற்கும் வேறுபாடு மூன்று: ஓர் இகரம் போனது, இரண்டு ஜகரம் சகரமானது. "ஹொய்சளர்", "போசளர்" இரண்டுக்கும் இடையே நான்கு. இவை எல்லாம் சரியான விடைகள். இப்போது தவறான விடைகளுக்கு வாருங்கள். "நந்திவர்மன்", "தந்திவர்மன்" இரண்டுக்கும் வேறுபாடு ஒன்றே ஒன்று. "சேரர்", "சோழர்" இரண்டுக்கும் இரண்டு. அதாவது தந்தையும் மகனும் ஒரு எழுத்துத் தொலைவில் நிற்க, ஒரே அரசனின் இரண்டு எழுத்துக்கூட்டல்கள் மூன்று எழுத்து தள்ளி நிற்கின்றன. எல்லைக்கோட்டை எங்கே போட்டாலும் அநியாயம்தான். மூன்று என்று வைத்தால் சேரனும் சோழனும் ஒன்றாகிவிடுவார்கள். ஒன்று என்று வைத்தாலே தந்திவர்மன் உள்ளே வந்துவிடுவான், ஆனால் இராசராசன் வெளியேதான் நிற்பான்.

இதற்குமேல் இந்த வழியைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமில்லை. அரச மரபுப் பெயர்களுக்கு இதை யாரும் பயன்படுத்த வேண்டாம்.

நான்காம் வழி: எழுத்து விதியால் மடிப்பது

வேறுபாடுகள் எங்கிருந்து வருகின்றன என்று உட்கார்ந்து எழுதிப் பார்த்தபோது, பெரும்பாலானவை நான்கைந்து காரணங்களுக்குள் அடங்கிவிட்டன. கிரந்த எழுத்துக்குப் பதில் தமிழ் எழுத்து எழுதுவது: ஜ, ஸ இரண்டுக்கும் ச, ஷ என்பதற்கு ட, ஹ என்பதற்கு க. ரகரத்துக்கு முன்னால் இகரம் சேர்ப்பது அல்லது விடுவது. "த்ர" என்று நெருக்கி எழுதுவதும் "த்திர" என்று விரித்து எழுதுவதும். சொல்லைச் சேர்த்து எழுதுவதும் இடைவெளி விட்டு எழுதுவதும். அப்புறம் மேலே சொன்ன கண்ணுக்குத் தெரியாத குறியீட்டு வேறுபாடு.

இவற்றை ஒவ்வொன்றாகப் பட்டியலிடுவதற்குப் பதிலாக, மாணவர் எழுதிய விடையையும் விடைக்குறிப்பையும் ஒரே விதிகளால் மடித்து, மடித்த பிறகு ஒப்பிடலாம். நான் பயன்படுத்தும் பைத்தான் துண்டு இவ்வளவுதான்:

```python
import re, unicodedata

RULES = [("ந்த்ர", "ந்திர"), ("த்ர", "த்திர"),
         ("ஜ", "ச"), ("ஶ", "ச"), ("ஸ", "ச"),
         ("ஷ", "ட"), ("ஹ", "க")]

def fold(s):
    s = unicodedata.normalize("NFC", s.strip())
    s = re.sub(r"(^|\s)இ(?=ர)", r"\1", s)
    s = re.sub(r"[\s.\-\u200b-\u200d]", "", s)
    for a, b in RULES:
        s = s.replace(a, b)
    return s
```

"இராஜராஜன்", "ராஜராஜன்", "இராசராசன்", "ராசராசன்" நான்கையும் இதற்குள் போட்டால் நான்கும் "ராசராசன்" என்றே வெளிவரும். "மஹேந்த்ரவர்மன்" போட்டால் "மகேந்திரவர்மன்" வரும். "ராஷ்டிரகூடர்", "இராட்டிரகூடர்" இரண்டும் "ராட்டிரகூடர்" ஆகும். பிரிந்து கிடந்த ஓகாரத்தை NFC என்ற முதல் படியே ஒட்டிவிடும். "ஸ்ரீ" இரண்டு வகையையும் அது ஒட்டாது, அதனால்தான் ஶகரத்துக்குத் தனி விதி. இவ்வளவு மடித்தும் தந்திவர்மன் தந்திவர்மனாகவே இருக்கிறான், நந்திவர்மனோடு சேரவில்லை. எனக்கு வேண்டியதும் இதுதான்.

ஐந்தாம் கேள்வியின் 24 வடிவங்களை இதில் போட்டால் ஆறாகச் சுருங்குகின்றன. "த்ய", "த்திய", "த்த" மூன்றையும் ஒன்றாக்க ஒரு விதி எழுதலாமே என்று ஆசை வரும். எழுதிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அது வேறு சொற்களில் "த்திய" என்று இயல்பாக வருவதையும் கலைத்துவிடுகிறது. ஒரு விதி ஒரு பெயருக்கு மட்டும் பயன்படுமென்றால் அதை விதியாக்காமல் பட்டியலில் எழுதுவதே நல்லது. "கிருஷ்ணன்" மடித்தால் "கிருட்ணன்" என்றுதான் வரும், "கிருட்டிணன்" வராது. அதையும் பட்டியலில்தான் சேர்த்தேன்.

விதி சேர்க்கும்போதெல்லாம் ஒரு சோதனை செய்துகொள்வது அவசியம். பல்லவர், சோழர், பாண்டியர், சாளுக்கியர், இராட்டிரகூடர் அரசர் பெயர்களை எல்லாம் ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். புது விதியோடு அத்தனையையும் மடித்து, இரண்டு வேறு அரசர்கள் ஒரே வடிவத்துக்கு வந்துவிட்டார்களா என்று பார்ப்பேன். வந்துவிட்டால் அந்த விதி கூடாது.

ல, ள, ழ மூன்றையும், ர, ற இரண்டையும், ந, ன, ண மூன்றையும் மடிக்கலாமா என்று வகுப்பில் பெரிய விவாதமே நடந்தது. "சோளர்" என்று எழுதியவருக்கு வரலாறு தெரியும், எழுத்துத்தானே தவறு என்றார்கள் சிலர். எனக்கு ஒப்பவில்லை. ஜகரமும் சகரமும் மாறுவது இரண்டு சரியான எழுத்து மரபுகளுக்கு இடையிலான வேறுபாடு. ழகரம் ளகரமாவது பிழை. பாண்டியரின் பெயரான "மாறன்" ரகரத்தோடு "மாரன்" ஆனால் மன்மதன் ஆகிவிடுவான். அதனால் இவற்றை மடிப்பதில்லை, பாதி மதிப்பெண் தருகிறேன். கல்வெட்டுப் படிக்க வந்தவர்கள் ழகரத்தையும் ளகரத்தையும் கல்லில் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டியவர்கள். முழு மதிப்பெண் கொடுத்தால் அவர்களுக்கு நான் நல்லது செய்ததாக ஆகாது.

கேள்வியைத் திருத்தினால் பாதி வேலை முடியும்

விடைக்குறிப்போடு மல்லுக்கட்டுவதற்கு முன்னால் கேள்வியைப் பார்ப்பது நல்லது என்று மெதுவாகத்தான் புரிந்தது. மேலே உள்ள வினாத்தாளே பல தடவை மாறி வந்ததுதான்.

தமிழில் கோடிட்ட இடத்துக்குப் பின்னால் வேற்றுமை உருபு வந்து நிற்கும். "காசக்குடிச் செப்பேடு ______ வழங்கப்பட்டது" என்று முதலில் எழுதியிருந்தேன். ஒருவர் "நந்திவர்மனால்" என்றார், இன்னொருவர் "நந்திவர்மன்" என்றார், மூன்றாமவர் "நந்திவர்மப் பல்லவமல்லனால்" என்றார். இப்போது பெயரைக் கேட்கும் வினாக்களில் கோடு எப்போதும் வாக்கியத்தின் கடைசியில், முக்காற்புள்ளிக்குப் பிறகு வருகிறது. அங்கே எழுவாய் வடிவத்தைத் தவிர வேறு எதையும் எழுதத் தோன்றாது. ஊர்ப்பெயரிலும் இதே கவனம் வேண்டும். "______ கல்வெட்டு" என்று விட்டால் "உத்திரமேரூர்" என்றும் எழுதுவார்கள், ஒற்றோடு "உத்திரமேரூர்க்" என்றும் எழுதுவார்கள்.

எண்ணும் அப்படித்தான். "முதலாம்", "முதல்", "1ஆம்" என்று ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். நான்காம் கேள்வியில் "இரண்டாம்" என்பதைக் கோட்டுக்கு வெளியே எடுத்து வைத்தது அதனால்தான்.

எந்தப் பெயரைக் கோடாக்குவது என்பதையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். இரண்டாம் கேள்வியில் முதலில் ஊர்ப்பெயரைத்தான் கேட்டிருந்தேன். அய்கொளெ, ஐஹொளே, ஐகோல், அய்ஹோல் என்று வந்த விடைகளைப் பார்த்துத் தலை சுற்றியது. கன்னடப் பெயரைத் தமிழில் எழுதும்போது ஒவ்வொருவரும் தம் காதுக்குக் கேட்டபடி எழுதுகிறார்கள், அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. புலிகேசியிலும் புலகேசி என்ற வடிவம் உண்டு. அதே கல்வெட்டில் ஆடாமல் நிற்கும் பெயர் ஒன்று இருக்கிறது: ரவிகீர்த்தி. இகரம் சேர்ப்பதைத் தவிர அதில் வேறு மாற்றமே வருவதில்லை. ஆடும் பெயர்களைக் கேள்விக்குள் வைத்துவிட்டு, நிற்கும் பெயரைக் கோடாக்கினேன். அந்தக் கல்வெட்டைப் படித்தாரா என்பது இப்போதும் தெரிந்துவிடும்.

மூன்றாம் கேள்வியில் இன்னொரு நுணுக்கம். வாதாபி, பெரியபுராணம் சொல்லும் வாதாவி, இன்றைய பாதாமி மூன்றும் ஒரே ஊர். "இன்று பாதாமி எனப்படும்" என்ற சொற்களைக் கேள்வியிலேயே சேர்த்துவிட்டால் மீதி இரண்டு வடிவங்கள்தான். எது ஏற்கப்படும் என்ற சந்தேகமும் எழுதுபவருக்கு இருக்காது.

விடைகளை ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டால் இத்தனை சிக்கலும் இல்லையே என்று ஒரு நண்பர் கேட்டார். இல்லைதான். ஆனால் பெட்டியில் ஒரே ஒரு ராஷ்டிரகூடப் பெயர் இருந்தால் ஆறாம் கேள்விக்குக் கல்வெட்டே தேவையில்லை. நினைவிலிருந்து எடுத்து எழுத வேண்டும் என்றுதான் கோடிட்ட இடம் கேட்கிறோம்.

நான் வைத்துக்கொண்டது

பெயரைக் கேட்கும் வினாக்களுக்கு நான்காம் வழியை முதலிலும், அதற்கு மேல் இரண்டாம் வழியின் சிறு பட்டியலையும் வைத்திருக்கிறேன். விதி ஒலி வேறுபாட்டைப் பார்த்துக்கொள்கிறது, பட்டியல் வேறு பெயர்களைப் பார்த்துக்கொள்கிறது. வாசகத்தைக் கேட்கும் வினாவுக்கு ஒரே விடை, அதிலும் குறியீட்டை மட்டும் NFC கொண்டு ஒழுங்குபடுத்திவிடுகிறேன். எதிலும் பொருந்தாத விடைக்குக் கணினி "தவறு" என்று போடுவதில்லை, "பார்க்கவும்" என்று ஒதுக்கி வைக்கிறது. அவற்றை அகரவரிசையில் அடுக்கிக் கண்ணால் பார்த்துவிடுவேன். சரியான புது வடிவம் கிடைத்தால் பட்டியலில் ஏறிவிடும், அதை எழுதிய எல்லோருக்கும் மதிப்பெண் திரும்பி வரும்.

கூகுள் படிவம் மட்டும் வைத்திருப்பவர்கள் விடைகளை விரிதாளாக இறக்கி, இதே துண்டை அதன்மேல் ஓட்டலாம். பைத்தான் பக்கமே போக விரும்பாதவர்கள், விடைக்குறிப்பில் ஒவ்வொரு பெயருக்கும் குறைந்தது நான்கு வடிவமாவது எழுதிவிடுங்கள்: இகரத்தோடும் இல்லாமலும், கிரந்தத்தோடும் இல்லாமலும். "மற்ற எல்லா விடைகளையும் தவறு என்று குறி" என்ற தெரிவை மட்டும் போடாமல், மீதியைக் கையால் பாருங்கள்.

மேலே உள்ள எட்டுக் கேள்விகளுக்கும் இன்று என்னிடம் உள்ள விடைக்குறிப்பு இது. ஏழைத் தவிர மற்றவற்றில் கிரந்த, இகர வேறுபாடுகளை விதி பார்த்துக்கொள்வதால் அவற்றைத் தனியே எழுதவில்லை.

1. விசித்திரசித்தன். "விசித்திரசித்தர்" ஏற்கலாம். "மத்தவிலாசன்" அவனுடைய வேறொரு விருதுப்பெயர், ஆனால் கேட்டது இந்தக் கல்வெட்டில் வரும் பெயர், ஆகவே மதிப்பெண் இல்லை.
2. ரவிகீர்த்தி.
3. வாதாபி, வாதாவி. கேள்வியில் "இன்று பாதாமி எனப்படும்" என்று சேர்க்காவிட்டால் பாதாமியையும் ஏற்க வேண்டும்.
4. நந்திவர்மன், நந்திவர்மர், நந்திவர்மப் பல்லவன், நந்திவர்மப் பல்லவமல்லன். தந்திவர்மன் தவறு.
5. ராஜாதித்தன், ராஜாதித்யன், ராஜாதித்தியன், இவை மூன்றும் "ர்" ஈற்றோடும். யானைமேல் துஞ்சிய தேவர். ராஜாதிராஜன் தவறு, அவன் ராஜேந்திரனின் மகன், உயிரிழந்தது கொப்பத்துப் போரில்.
6. கன்னரதேவன், கன்னரதேவர், கன்னரன், கிருஷ்ணன், கிருட்டிணன், பின் இரண்டும் "மூன்றாம்" என்ற முன்னொட்டோடும். கண்ணன் என்ற சொல்லின் நினைவில் "கண்ணரதேவன்" என்று எழுதுபவருக்குப் பாதி மதிப்பெண். "முதலாம் கிருஷ்ணன்" தவறு.
7. மதிரை. இது மட்டுமே.
8. போசளர், ஹொய்சளர், ஓய்சளர், ஹோய்சாளர். "பொசளர்" என்று குறிலில் வந்தாலும் முழு மதிப்பெண்தான். கல்வெட்டில் ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் தனித்தனி வடிவம் கிடையாது, கல்லைப் பார்த்துப் படித்தவர் அப்படித்தான் எழுதுவார்.